ஒன்பது அங்குலச் சுவருக்கு உள்பக்கம் காப்புப் போர்த்தினால்: யூ மதிப்பும் ஆவித்தடுப்புப் படலத்தின் இடமும்

பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அரசுத் திட்டங்களின் கீழ் சுவரின் வெளிப்பக்கம் வெப்பக்காப்பு பொருத்தப்பட்ட வீடுகளில் 98 விழுக்காட்டிலும், உள்பக்கம் பொருத்தப்பட்ட வீடுகளில் 29 விழுக்காட்டிலும் சரிசெய்தே தீர வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாக அது மதிப்பிட்டது. அந்தக் குறைகளின் விளைவாகச் சொல்லப்பட்டவற்றில் முக்கியமானவை ஈரமும் பூஞ்சையும். குளிருக்குப் போட்ட போர்வை சுவரை எப்படி நனைக்கும் என்ற கேள்வி இதைப் படித்த பலருக்கும் எழுந்தது. வெளிப்பக்க வேலைகளின் சிக்கல் பெரும்பாலும் மழைநீர் உட்புகுவதைச் சார்ந்தது என்பதால் அது தனிக் கதை. உள்பக்கம் போர்த்தப்பட்ட சுவரை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டு, அதன் யூ மதிப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள், அந்தக் கணக்கு எதைச் சொல்லாமல் விடுகிறது, நீராவி சுவருக்குள் ஊடுருவாமல் மறிக்கும் தாளான ஆவித்தடுப்புப் படலத்தை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பவற்றை ஒரே சுவரைக் கொண்டு பார்ப்போம்.

## எடுத்துக்கொள்ளும் சுவர்

லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற, தமிழர்கள் கணிசமாக வாழும் பகுதிகளில் 1919-க்கு முன் கட்டிய வரிசை வீடுகள் ஏராளம். அவற்றின் வெளிச்சுவர் பெரும்பாலும் நடுவில் இடைவெளியே இல்லாத திடமான செங்கல் சுவர். நம் ஊர்க் கொத்தனார்கள் ஒன்பது அங்குலச் சுவர் என்று சொல்லும் அதே சுவர்தான். அதன் உட்பக்கம் மரச்சட்டங்களை நிறுத்தி, இடையில் கனிமப் பஞ்சு அடைத்து, மேலே ஜிப்சம் பலகை அறைவது வழக்கமான வேலை. வெளியிலிருந்து உள்நோக்கி அடுக்குகள் இவை:

1. செங்கல், 220 மில்லிமீட்டர்.
2. பழைய பூச்சு, 13 மில்லிமீட்டர்.
3. கனிமப் பஞ்சு, 100 மில்லிமீட்டர். அதை ஊடறுத்து மரச்சட்டங்கள்.
4. ஜிப்சம் பலகை, 12.5 மில்லிமீட்டர்.

ஆவித்தடுப்புப் படலம் இந்தப் பட்டியலில் இல்லை. அது எங்கே வரவேண்டும் என்பதுதான் கட்டுரையின் கேள்வி என்பதால், அதைப் பிறகு நுழைப்போம்.

## யூ மதிப்பு என்பது என்ன

ஒரு பொருளின் வழியாக வெப்பம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைச் சொல்லும் எண் வெப்பக் கடத்துத்திறன். செங்கலுக்கு 0.77, கனிமப் பஞ்சுக்கு 0.035, மரத்துக்கு 0.13, ஜிப்சம் பலகைக்கு 0.21 என்று வைத்துக்கொள்ளலாம். அடுக்கின் தடிமனை மீட்டரில் எடுத்து இந்த எண்ணால் வகுத்தால் அந்த அடுக்கின் வெப்பத்தடை கிடைக்கும். எல்லா அடுக்குகளின் தடைகளையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் 1-ஐ வகுத்தால் வருவது யூ மதிப்பு. உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் சுவர் எத்தனை வாட் வெப்பத்தை இழக்கிறது என்பதே அதன் பொருள். எண் குறையக் குறையச் சுவர் நல்லது.

```
R = d / λ
U = 1 / (Rsi + R1 + R2 + ... + Rse)
```

சுவரின் இரு முகங்களிலும் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப்படிவும் சிறிது தடை தருகிறது. அதற்காக உள்முகத்துக்கு 0.13, வெளிமுகத்துக்கு 0.04 என்று நிலையான எண்களைச் சேர்ப்பார்கள்.

காப்பு போடுவதற்கு முன் இருந்த சுவரில் செங்கலின் தடை 0.29, பூச்சின் தடை 0.02. இரு முகங்களின் தடையையும் சேர்த்தால் 0.48. யூ மதிப்பு ஏறத்தாழ 2.1. இது கணக்கில் வரும் எண் என்பதையும், பழைய செங்கல் சுவர்களை நேரில் அளந்தவர்கள் இதைவிடக் குறைவான எண்களையே பெரும்பாலும் கண்டிருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

கனிமப் பஞ்சின் தடை 2.86, ஜிப்சம் பலகையின் தடை 0.06. இவற்றையும் சேர்த்தால் மொத்தம் 3.40 ஆகிறது, யூ மதிப்பு 0.29. இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி, இவ்வாறு மேம்படுத்தப்படும் சுவருக்கு 0.30 என்ற இலக்கைக் குறிக்கிறது. ஆகவே, சுவர் தேறிவிட்டது என்று விலைப்பட்டியலில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் மரச்சட்டம் இன்னும் கணக்கில் வரவில்லை.

## மரச்சட்டத்தைச் சேர்த்தால்

மரம் பஞ்சைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது. சட்டங்கள், மேலும் கீழும் ஓடும் கிடைச்சட்டங்கள் எல்லாம் சேர்ந்து சுவர்ப் பரப்பில் 12 விழுக்காட்டைப் பிடிப்பதாகக் கொள்வோம். ஐஎஸ்ஓ 6946 என்னும் சர்வதேசத் தரநிலை, இந்தக் கலப்பு அடுக்கை இரண்டு விதமாகக் கணக்கிட்டு, இரண்டின் சராசரியை எடுக்கச் சொல்கிறது.

1. மேல் வரம்பு. வெப்பம் பக்கவாட்டில் நகராமல் நேராகவே வெளியேறுவதாக வைத்துக்கொள்ள வேண்டும். பஞ்சு உள்ள இடத்தில் மொத்தத் தடை 3.40, சட்டம் உள்ள இடத்தில் 1.31 மட்டுமே. 88-க்கு 12 என்ற விகிதத்தில் இரு வழிகளையும் சேர்த்தால் தடை 2.85.
2. கீழ் வரம்பு. ஒவ்வோர் அடுக்கின் எல்லையிலும் வெப்பம் தாராளமாகப் பக்கவாட்டில் பரவுவதாக வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது பஞ்சும் மரமும் சேர்ந்த அடுக்கின் தடை 2.15-ஆகச் சுருங்குகிறது, மொத்தம் 2.69.
3. இரண்டின் சராசரி 2.77. யூ மதிப்பு 0.36.

```
மேல் வரம்பு:  1 / (0.88/3.40 + 0.12/1.31)          = 2.85
கீழ் வரம்பு:  0.54 + 1 / (0.88/2.86 + 0.12/0.77)   = 2.69
U = 1 / 2.77 = 0.36
```

பரப்பில் எட்டில் ஒரு பங்குகூட இல்லாத மரம், காகிதத்தில் 0.29 ஆக இருந்ததை 0.36 ஆக்கிவிட்டது. இலக்கு தவறிவிட்டது. இதைச் சரிசெய்யச் சட்டங்களுக்கிடையில் பஞ்சைத் தடிப்பாக்குவதைவிட, சட்டங்களைச் சுவரிலிருந்து 25 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தி, அவற்றின் பின்னால் இடைவெளியின்றிப் பஞ்சை ஓடவிடுவது மேல். மரம் நேரடியாகச் சுவரைத் தொடாததால் வெப்பப் பாலம் அங்கேயே அறுபடுகிறது. யூ மதிப்பு 0.28-க்கு இறங்குகிறது.

இந்தக் கணக்கில் இன்னொன்று இருக்கிறது. தடைகளைக் கூட்டும்போது எந்த அடுக்கு எங்கே இருக்கிறது என்பது கேட்கப்படவே இல்லை. பஞ்சைச் செங்கலுக்கு வெளியே வைத்தாலும் உள்ளே வைத்தாலும் கூட்டுத்தொகை அதேதான். கால் மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத பாலிதீன் தாளின் வெப்பத்தடை பூச்சியம். அதை எங்கே வைத்தாலும், வைக்காமலே விட்டாலும் யூ மதிப்பில் எந்த மாற்றமும் வராது. சுவர் நனையுமா நனையாதா என்பதோ முழுக்க முழுக்க வரிசையைப் பொறுத்தது. ஆகவே, யூ மதிப்பை மட்டும் கேட்டு வாங்குகிறவர் சுவரின் பாதிக் கணக்கைத்தான் கேட்கிறார்.

## சுவருக்குள் வெப்பநிலை எப்படி இறங்குகிறது

லண்டனின் குளிர்கால நாள் ஒன்று. வெளியே 5 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 85 விழுக்காடு. உள்ளே 20 டிகிரி, 60 விழுக்காடு. ஒப்பு ஈரப்பதம் என்பது, அந்த வெப்பநிலையில் காற்று அதிகபட்சம் தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு. குளிரக் குளிர அந்த அதிகபட்சம் சுருங்குகிறது. ஒரு கட்டத்தில் இருக்கும் ஆவியே அதிகபட்சமாகி, அதற்கும் கீழே போனால் மிச்சம் நீர்த்துளியாகிவிடும். அந்த வெப்பநிலைக்குப் பெயர் பனிநிலை. சமையலும் துணி உலர்த்தலும் நடக்கும் இந்த வீட்டின் காற்றுக்குப் பனிநிலை 12 டிகிரி.

சுவருக்குள் வெப்பநிலை, வெப்பத்தடையின் விகிதத்திலேயே இறங்குகிறது. மொத்த இறக்கம் 15 டிகிரி. ஓர் அடுக்கின் தடை மொத்தத் தடையில் எத்தனை பங்கோ அத்தனை பங்கு இறக்கம் அந்த அடுக்கில் நிகழும்.

காப்புக்கு முன் சுவரின் உள்முகம் 15.9 டிகிரியில் இருந்தது. அது பனிநிலைக்கு மேலேதான் இருந்தது. ஆனால் அந்த முகத்தையொட்டிய காற்றின் ஒப்பு ஈரப்பதம் 78 விழுக்காடு. 80 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், இதைவிடக் குளிர்ந்திருக்கும் அலமாரிப் பின்புறத்திலும் மூலைகளிலும் கறுப்புப் புள்ளி விழுந்ததில் வியப்பில்லை.

காப்புக்குப் பின், பஞ்சு உள்ள இடத்தில், ஜிப்சம் பலகையின் முகம் 19.4 டிகிரி. தொட்டால் கதகதப்பாக இருக்கும், பூஞ்சையும் மறைந்துவிடும். ஆனால் பஞ்சுக்குப் பின்னால், முன்பு அறையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பழைய பூச்சு இப்போது 6.5 டிகிரியில் இருக்கிறது. அறையின் வெப்பம் அதை எட்டவில்லை. பனிநிலைக்கு ஐந்தரை டிகிரி கீழே போய்விட்ட அந்த முகத்தை அறைக்காற்றின் ஆவி எட்டுமா என்பதே இனிமேல் கேள்வி.

காப்பை மெலிதாக்கினால் தப்பிக்கலாம் என்று தோன்றும். 25 மில்லிமீட்டர் பஞ்சு மட்டும் போட்டாலே அந்தப் பூச்சு 9.2 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதுவும் பனிநிலைக்குக் கீழேதான். பின்னால் கூடுதலாக ஓடவிட்ட 25 மில்லிமீட்டரோ 6.5-ஐ 6.3 ஆக்குகிறது, அவ்வளவே. கேட்டின் பெரும்பகுதி முதல் அங்குலத்திலேயே நடந்துவிடுகிறது.

## ஆவிக்கும் ஒரு தடைக்கணக்கு

வெப்பம் போலவே நீராவியும் அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகிறது. அறைக்காற்றின் ஆவியழுத்தம் 1402 பாஸ்கல், வெளிக்காற்றினது 741. ஆகவே ஆவி உள்ளிருந்து வெளியே தள்ளப்படுகிறது. ஒவ்வோர் அடுக்கும் ஆவிக்கு எவ்வளவு தடை தருகிறது என்பதை, அதே தடை தரும் அசையாக் காற்றின் தடிமனாக, மீட்டரில் சொல்வது ஐரோப்பிய வழக்கம். பிரிட்டிஷ் பட்டியல்களில் வேறோர் அலகு இருக்கும். அதன் எண்ணை ஐந்தால் வகுத்தால் ஏறத்தாழ இந்த மீட்டர் கணக்கு வந்துவிடும்.

நம் சுவரில் செங்கல் 2.2 மீட்டர், பழைய பூச்சு 0.13, பஞ்சு 0.1, ஜிப்சம் பலகை 0.13. வெப்பத்தை நிறுத்தும் பஞ்சு ஆவியை நிறுத்துவதே இல்லை. வெப்பத்தை எளிதில் விட்டுவிடும் செங்கல்தான் ஆவிக்குப் பெரிய தடை. ஒன்றைத் தடுப்பதும் மற்றொன்றை விடுவதுமான இந்த இரண்டு பொருள்களும் சந்திக்கும் இடத்தில்தான் ஆவி வந்து குவிகிறது. ஐஎஸ்ஓ 13788 தரநிலை பின்பற்றும் கிளேசர் முறை என்பது, இந்த ஆவியழுத்தக் கோட்டையும், ஒவ்வொரு வெப்பநிலையிலும் காற்று தாங்கக்கூடிய அதிகபட்ச ஆவியழுத்தத்தின் கோட்டையும் ஒரே படத்தில் வரைந்து, முதலாவது இரண்டாவதைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதுதான். பூச்சு இருக்கும் 6.5 டிகிரியில் அந்த அதிகபட்சம் 970 பாஸ்கல். இந்த எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

## படலத்தின் மூன்று நிலைகள்

ஆவித்தடுப்புப் படலமாகச் சாதாரணப் பாலிதீன் தாளை எடுத்துக்கொள்வோம். அதன் ஆவித்தடை 50 மீட்டர். மற்ற அடுக்குகள் அனைத்தையும் கூட்டினாலும் 2.6 மீட்டர்தான்.

1. படலமே இல்லை. பூச்சும் பஞ்சும் சந்திக்கும் முகத்தில் ஆவியழுத்தம் 1340 பாஸ்கலை எட்டப் பார்க்கிறது. 970-க்கு மேல் இடமில்லை, மிச்சம் நீராகிறது. அறைப்பக்கத்திலிருந்து வரும் ஆவிக்கு 0.23 மீட்டர் தடை மட்டுமே; வெளியேற 2.33 மீட்டர் தடை. வரவையும் செலவையும் கழித்தால், ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு 31 கிராம் நீர் தங்குகிறது. பத்து சதுர மீட்டர் சுவரில் ஒரு மாதத்துக்கு ஒன்பது லிட்டருக்கு மேல்.

2. படலம் ஜிப்சம் பலகைக்கும் பஞ்சுக்கும் நடுவே, அதாவது சூடான பக்கத்தில். அழுத்த இறக்கத்தில் பெரும்பகுதி படலத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. பூச்சு முகத்தை எட்டும்போது ஆவியழுத்தம் 770 பாஸ்கல்தான். ஒடுக்கம் இல்லை. ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் வழியாகக் கடக்கும் ஆவி மொத்தமே கால் கிராமுக்கும் குறைவு.

3. படலம் பழைய பூச்சுக்கும் பஞ்சுக்கும் நடுவே, அதாவது குளிர்ந்த பக்கத்தில். சுவரில் ஈரம் இருக்கிறது, அது பஞ்சுக்கு வராமல் தடுப்போம் என்ற நல்ல எண்ணத்தில் பலர் செய்யும் தவறு இது. படலத்தின் அறைப்பக்க முகத்தில் ஆவியழுத்தம் ஏறத்தாழ அறையின் முழு அழுத்தத்துக்கே, அதாவது 1399 பாஸ்கலுக்கு, ஏற முயல்கிறது. நாளொன்றுக்கு 33 கிராம் நீர்.

முதல் நிலையின் 31 கிராமுக்கும் மூன்றாவதன் 33 கிராமுக்கும் பெரிய வேறுபாடு இல்லையே என்று எண்ண வேண்டாம். முதல் நிலையில் நீர் படிவது, உறிஞ்சக்கூடிய பூச்சின் மீது. அதிலொரு பகுதியைச் செங்கலும் வாங்கிக்கொள்ளும். மூன்றாவதில் படிவது வழுவழுப்பான தாளின் மீது. அது துளியாகத் திரண்டு, வழிந்து, கீழே கிடக்கும் மரச்சட்டத்தில் தேங்குகிறது. சட்டத்தின் அடிப்பகுதி முதலில் உளுத்துப்போவது அதனால்தான்.

மூன்று நிலைகளிலும் யூ மதிப்பு ஒன்றே.

இரண்டாவது நிலையையும் முழு வெற்றியாகக் கொண்டாட முடியாது. 970-இல் 770 என்றால் ஒப்பு ஈரப்பதம் 79 விழுக்காடு. வெளிக்காற்றே அவ்வளவு ஈரமாக இருக்கும் நாட்டில், 6.5 டிகிரியில் கிடக்கும் முகத்தை இதற்கு மேல் உலர்வாக வைப்பது எளிதல்ல. கணக்கு தேறுகிறது, கைக்காவல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

## படலத்துக்கு முன்னாலும் கொஞ்சம் காப்பு வைக்கலாமா

மின்கம்பிகளும் சுவிட்ச் பெட்டிகளும் படலத்தைத் துளைக்காமல் இருக்க, படலத்துக்கும் ஜிப்சம் பலகைக்கும் இடையே மெல்லிய ரீப்பர் அடித்து ஓர் இடைவெளி விடுவது நல்ல வழக்கம். அந்த இடைவெளியிலும் பஞ்சு அடைத்தால், படலம் முற்றிலும் சூடான பக்கத்தில் இருக்காது. நடுவில் எங்கோ இருக்கும். எவ்வளவு தூரம் உள்ளே தள்ளலாம் என்பதற்கு, மொத்த வெப்பத்தடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் படலத்தின் அறைப்பக்கம் இருக்கக்கூடாது என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அது எங்கிருந்து வருகிறது என்பதை நம் எண்களைக் கொண்டே காணலாம். படலம் 12 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. அதாவது அறையிலிருந்து 8 டிகிரி இறக்கம் வரை பொறுக்கலாம். வெளியே 5 டிகிரி என்றால் 15-இல் 8, பாதிக்குச் சற்று மேல். வெளியே உறைநிலைக்குக் கீழே 5 டிகிரி என்றால் 25-இல் 8. ஏறத்தாழ மூன்றில் ஒன்று. அறையில் ஈரம் இதைவிட அதிகமாக இருந்தால் அந்தப் பங்கு இன்னும் சுருங்கும். குளியலறைச் சுவருக்கு இந்தக் கைக்கணக்கை நம்பக்கூடாது.

## கணக்குக்குள் வராத மூன்று

கிளேசர் முறை, ஆவி பொருள்களை ஊடுருவிப் பரவுவதை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. உண்மையான வீட்டில் சுவரை நனைப்பவை பெரும்பாலும் வேறு.

முதலாவது, காற்றுக்கசிவு. 20 டிகிரி, 60 விழுக்காடு ஈரப்பதமுள்ள ஒரு கன மீட்டர் அறைக்காற்றில் 10 கிராமுக்குச் சற்று அதிகமான நீராவி இருக்கிறது. அது ஓர் ஓட்டை வழியே பஞ்சுக்குப் பின்னால் நுழைந்து 6.5 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 3 கிராமை அங்கே இறக்கிவிட்டுத்தான் வெளியேறும். மணிக்கு ஒரு கன மீட்டர் கசிந்தால் நாளுக்கு 70 கிராமுக்கு மேல். ஒழுங்காக ஒட்டப்பட்ட படலத்தின் வழியே இவ்வளவு நீர் பரவ வேண்டுமென்றால் 300 சதுர மீட்டருக்கு மேற்பட்ட சுவர் வேண்டும். ஆகவே 50 மீட்டர் தடையா 100 மீட்டர் தடையா என்று படலத்தின் தரத்தைப் பற்றி வாதிடுவதைவிட, அதன் விளிம்புகள் தரையிலும் கூரையிலும் சன்னல் சட்டத்திலும் நாடாவால் ஒட்டப்பட்டனவா என்பதும், பிளக் பெட்டிக்காகக் கத்தியால் கிழித்த ஓட்டை மூடப்பட்டதா என்பதும் நூறு மடங்கு முக்கியமானவை.

இரண்டாவது, மாடித்தள உத்திரங்களின் முனைகள். பழைய வரிசை வீடுகளில் மாடியின் மரத்தளத்தைத் தாங்கும் உத்திரங்கள் செங்கல் சுவருக்குள் செருகப்பட்டிருக்கின்றன. கீழ் அறையின் காப்பு கூரையோடு நின்றுவிடும். மேல் அறையினது தரைப்பலகையிலிருந்து தொடங்கும். இடைப்பட்ட ஓரடி உயரத்தில் காப்பும் இல்லை, படலமும் இல்லை. மேலும் கீழும் காப்புப் போர்த்தப்பட்டதால் அங்கே செங்கல் முன்பைவிடக் குளிர்ந்திருக்கிறது; தரைப்பலகை இடுக்குகள் வழியே அறைக்காற்று தாராளமாக அங்கே போகிறது. சுமை தாங்கும் மரத்தின் முனை, வீட்டிலேயே மிகக் குளிர்ந்த, மிக ஈரமான இடத்தில், யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. சுவரின் குறுக்குவெட்டை மட்டும் வைத்துப் போடும் எந்தக் கணக்கிலும் இது தெரியாது. உள்பக்கக் காப்பு வேலைக்கு ஒருவர் தரும் வரைபடத்தில் இந்த இடம் தனியாக வரையப்படவில்லை என்றால், அவர் இதை யோசிக்கவில்லை என்றே கொள்ளலாம்.

மூன்றாவது, மழை. திடமான செங்கல் சுவர் மழையைக் குடித்து, பிறகு உலரும் சுவர். காப்பு இல்லாதபோது சதுர மீட்டருக்கு 31 வாட் வெப்பம் செங்கல் வழியே வெளியேறி அதை உலர்த்திக்கொண்டிருந்தது, இப்போது பஞ்சு உள்ள இடத்தில் 4.4 வாட் மட்டுமே. உலர்த்தும் அடுப்பைத் தணித்துவிட்டோம். போதாததற்கு, நனைந்த சுவரில் கோடை வெயில் அடிக்கும்போது ஆவி உள்நோக்கித் தள்ளப்படுகிறது; பாலிதீன் படலம் அதையும் மறிப்பதால், படலத்தின் பஞ்சுப் பக்கத்தில் நீர் படியலாம். குளிர்காலத்துக்குக் காவலாக வைத்த தாள் கோடையில் சிறைக்கதவாகிறது. இதனால்தான், மழை நேரடியாக அறையும் திடச் சுவர்களுக்குக் கிளேசர் முறையை நம்பாமல், மழை, வெயில், செங்கலின் உறிஞ்சல் ஆகியவற்றை மணிக்கு மணி கணக்கிடும் வூஃபி போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். ஈரம் குறைவாக இருக்கும்போது இறுகி, கூடும்போது தளர்ந்து ஆவியை விடும் மாறுதடைப் படலங்கள் இப்போது கிடைக்கின்றன. படலமே இல்லாமல், ஈரத்தை உறிஞ்சிப் பரப்பும் மரநார்ப் பலகையைச் சுண்ணாம்புச் சாந்தால் சுவரோடு இடைவெளியின்றி ஒட்டுவது இன்னொரு வழி. பழைய சுவருக்கு இவ்விரண்டில் ஒன்று, சாதாரணப் பாலிதீனைவிடப் பாதுகாப்பானது. அதற்காக யூ மதிப்பை 0.30-இல் பிடித்துத் தொங்காமல் சற்று விட்டுக்கொடுக்க நேர்ந்தால், விட்டுக்கொடுப்பதே சரி.

## சென்னையில் இதே படலம்

சூடான பக்கத்தில் வைக்க வேண்டும் என்ற விதியை, உள்பக்கம் வைக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்தவர்கள் சென்னையில் தவறிழைப்பார்கள். வெளியே 32 டிகிரி, 75 விழுக்காடு ஈரப்பதம் என்றால் வெளிக்காற்றின் பனிநிலை 27 டிகிரி. ஏசி ஓடும் அறை 24 டிகிரியில் இருக்கிறது. ஆவி வெளியிலிருந்து உள்ளே வருகிறது. சூடான பக்கம் என்பது வெளிப்பக்கம். இங்கே அறையின் உட்பக்கம் பாலிதீனோ ஆவி புகாத பிளாஸ்டிக் சுவர்த்தாளோ ஒட்டினால், அதன் பின்முகத்தில்தான் நீர் படியும். தாளை உரித்தால் பூஞ்சை தெரியும். மீன், ஐஸ்கிரீம் வைக்கும் குளிர்பதனக் கிடங்குகளில் ஆவித்தடுப்பைக் காப்பின் வெளிப்பக்கம் வைப்பதும் இதே காரணத்தால்தான்.

## நனைகிறதா என்று எப்படித் தெரியும்

உள்பக்கக் காப்பின் தொல்லையே, நனையும் இடம் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். வெளியே தெரிவதற்கு முன் வருவது மக்கிய வாடை. சுவிட்ச் பெட்டியையோ தரையோரப் பலகையையோ கழற்றும்போது அது தூக்கலாக இருக்கும். அடுத்து, தரையோரப் பலகையின் மேல்விளிம்பில் கறை. இரண்டு ஊசிகளைக் குத்தி அளக்கும் ஈரமானியால் கீழ்ச்சட்டத்தையும் உத்திர முனையையும் சோதிக்கலாம். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் அழுகல் தொடங்கும் நிலை நெருங்கிவிட்டது என்று பொருள். சோதிக்கும் மாதமும் முக்கியம்: குளிர்காலம் முழுதும் சேர்ந்த நீர் பிப்ரவரி, மார்ச்சில் உச்சத்தில் இருக்கும், ஆகஸ்டில் அளந்து நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. வெப்பப் படக்கருவி காப்பு விடுபட்ட இடத்தைக் காட்டும். பஞ்சுக்குப் பின்னால் இருக்கும் நீரைக் காட்டாது.

வேலை நடந்துகொண்டிருக்கும் வீட்டில் பார்ப்பதற்கு ஒரே ஒரு நாள்தான் வாய்க்கும்: படலம் ஒட்டி முடித்து, ஜிப்சம் பலகை இன்னும் அறையாத நாள். அன்று விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் ஒட்டையும், ஒவ்வொரு கம்பித் துளையையும் பார்த்து, படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். படலம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் அன்றைக்குப் பிறகு பலகையைப் பிரித்தால்தான் தெரியும்.